i-யின் எதிர்ம அடுக்கும் மட்டு மதிப்பும்: குறி எங்கே தவறுகிறது?

பிளஸ் டூ கலப்பு எண்கள் பயிற்சித் தாளில் வரக்கூடிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

z = 5 + 2i⁻³⁴ + 4i⁻⁶⁵ எனில், |z| காண்க.

பார்க்கச் சின்னக் கணக்குதான். ஆனால் குறி தவறக்கூடிய இடங்கள் இதற்குள் நிறைய இருக்கின்றன.

முதலில் அடுக்குகள். i² = −1, i³ = −i, i⁴ = 1. நான்குக்கு ஒரு முறை இந்தச் சுற்று திரும்ப வரும். அதனால் அடுக்கை 4-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் போதும். அடுக்கு நேர்மமாக இருக்கும்வரை யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. i³⁴ என்றால் மீதி 2, விடை −1. எதிர்ம அடுக்கு வந்ததும்தான் சிக்கல்.

"மைனஸை முன்னால் கொண்டுவந்துவிடலாம்" என்று பலர் i⁻³⁴-ஐ −i³⁴ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் −(−1) = 1 என்று வரும். அது தவறு. எதிர்ம அடுக்கு என்றால் தலைகீழி: i⁻³⁴ = 1/i³⁴ = 1/(−1) = −1.

இந்தத் தவறு ஏன் லேசில் போவதில்லை தெரியுமா? ஒற்றைப்படை அடுக்குகளில் இதே தவறான வழி சரியான விடையைத் தந்துவிடும். i⁻⁶⁵-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 65-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் i⁶⁵ = i. தலைகீழி 1/i. மேலும் கீழும் i-யால் பெருக்கினால் i/i² = −i. மைனஸை முன்னால் போட்டிருந்தாலும் −i-தான் வந்திருக்கும். நான்கு கணக்கில் இரண்டு சரியாக வந்துவிட்டால், வழியே சரி என்று மனம் நம்பிவிடுகிறது. எனவே உங்கள் வழியைச் சோதிக்க எப்போதும் இரட்டைப்படை அடுக்கையே எடுங்கள். i⁻² போதும்.

நேரடியாக மீதி காண வேண்டுமானால், மீதி 0, 1, 2, 3 இவற்றில் ஒன்றாக இருக்கும்படி எழுதுங்கள்: −34 = 4(−9) + 2, −65 = 4(−17) + 3. ஈவு −8, −16 என்று நிறுத்திவிட்டால் மீதி −2, −1 என்று வரும், மறுபடியும் எதிர்ம அடுக்கிலேயே மாட்டிக்கொள்வோம். ஆகவே ஒரு படி கீழே இறங்கிப் பெருக்க வேண்டும். i² = −1, i³ = −i. மேலே வந்த அதே விடைகள்.

சரி, இப்போது பிரதியிடலாம்:

z = 5 + 2(−1) + 4(−i) = 3 − 4i

அடுத்து மட்டு மதிப்பு. இங்கே அடிக்கடி காணும் வரி இது: √(3² + (−4i)²) = √(9 − 16) = √(−7). மட்டு மதிப்பு என்பது ஆதியிலிருந்து z வரையுள்ள தூரம். தூரம் −7-இன் வர்க்கமூலமாக இருக்க முடியாது என்பதே முதல் எச்சரிக்கை. |a + bi| = √(a² + b²) என்ற வாய்பாட்டில் b என்பது −4 மட்டும், அதோடு i வராது. |z| = √(3² + (−4)²) = √(9 + 16) = 5.

அந்த −7 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். (3 − 4i)² = 9 − 24i + 16i² = −7 − 24i. அதாவது மட்டு மதிப்பு காணப் போய், z²-இன் மெய்ப்பகுதியைக் கண்டிருக்கிறோம். நமக்கு வேண்டியது z-ஐ அதன் இணை எண்ணோடு பெருக்கிய பலன்: (3 − 4i)(3 + 4i) = 9 − 16i² = 9 + 16 = 25. இந்த வரியிலும் −16i²-ஐ அவசரத்தில் −16 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. i² இருக்கும் இடத்தில் (−1) என்று அடைப்புக்குறியோடு எழுதி, அப்புறம் பெருக்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். i⁻³⁴-இன் குறியைத் தவறவிட்டிருந்தால் z = 7 − 4i, மட்டு √65. விடை மாறிவிடுவதால் பிடித்துவிடலாம். ஆனால் i⁻⁶⁵-இன் குறியைத் தவறவிட்டால் z = 3 + 4i, மட்டு அப்போதும் 5-தான்! b-யின் குறியை வர்க்கம் விழுங்கிவிடுகிறது. கடைசி விடை பொருந்துகிறது என்பதற்காக z சரி என்று முடிவு செய்யக் கூடாது. அடுத்த பிரிவில் அதே z-இன் வீச்சு கேட்டால் தவறு அங்கே வெளிப்படும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்: z = 1 + 3i⁻¹⁸ + i⁻²⁷. மட்டு √17 வந்தால் i⁻¹⁸-க்குத் திரும்புங்கள். √5 வந்தால் மட்டு சரி. இருந்தாலும் கற்பனைப் பகுதி +1 ஆக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே −1 இருந்தால் i⁻²⁷-ஐ i²⁷ என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.