ஹீப் சார்ட்: ஆறு எண்ணுக்கு ஓடும், ஐந்துக்கு உதைக்கும்

ஹீப் சார்ட் எண்களை அடுக்குவது ஹீப்பை வைத்து, அதாவது எந்தப் பிள்ளையும் தன் பெற்றோரைவிடப் பெரிதாக இல்லாத மரத்தை வைத்து. ஆனால் அதில் மரம் என்று தனியாக எதுவும் கிடையாது. முழுமையான இருகிளை மரத்தை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டே போனால் நடுவில் ஓட்டை விழாது. அதனால் அரேயின் இண்டெக்ஸே மரமாகிவிடுகிறது. சுட்டிகளும் வேண்டாம், கூடுதல் அரேயும் வேண்டாம். எண்ணிக்கையை 1-இல் தொடங்கினால் `i`-இன் பிள்ளைகள் `2*i`, `2*i+1`. 0-இல் தொடங்கினால்:

```
left   = 2*i + 1
right  = 2*i + 2
parent = (i - 1) // 2
```

பாடப்புத்தகங்கள் பலவும் 1-இல் தொடங்குகின்றன. நாம் எழுதும் மொழிகளோ பெரும்பாலும் 0-இல். புத்தகச் சூத்திரத்தை அப்படியே 0-இல் தொடங்கும் அரேயில் போட்டால் உடனே உடையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உடையாது, அதுதான் வம்பு. 0-க்கு இடப்பிள்ளை 0-வே, வலப்பிள்ளை 1. அதற்குக் கீழே 1-க்கு 2, 3; 2-க்கு 4, 5. அதாவது உச்சியில் ஒற்றைப் பிள்ளையோடு நிற்கும் கோணல் மரம். அதுவும் ஹீப்பாக வேலை செய்யும்!

இடிப்பது ஹீப்பைக் கட்டத் தொடங்கும் இடத்தில். வழக்கமாக `n//2 - 1`-இலிருந்து பின்னோக்கி வருவோம். கோணல் மரத்தில் கடைசிப் பெற்றோர் இருப்பது `(n-1)//2`-இல். `n` இரட்டைப்படை என்றால் இரண்டும் ஒன்றே. ஒற்றைப்படை என்றால் ஒரு பெற்றோர் விடுபட்டுப்போகும்.

`[4, 1, 3, 2, 9]`-ஐ எடுத்துக்கொள்வோம். `n` 5, ஆகவே தொடக்கம் 1. அங்கிருக்கும் 1-ஐக் கீழே இறக்கினால் முதலில் 3-உடனும் பிறகு 9-உடனும் இடம் மாறி `[4, 3, 9, 2, 1]` ஆகிறது. அடுத்து உச்சி: 4-க்கு ஒரே பிள்ளை 3, மாற்றமில்லை. 9 இன்னும் இண்டெக்ஸ் 2-இலேயே கிடக்க, 4-ஐப் பெரியது என்று நம்பிக் கடைசிக்கு அனுப்புகிறோம். முடிவில் கிடைப்பது `[1, 2, 9, 3, 4]`. கடைசியில் ஒரு 5-ஐச் சேர்த்து ஆறு எண்ணாக்கினால் சரியாக அடுக்கிவிடும். ஒற்றைப்படை நீளத்திலும் கடைசி எண் சிறியதாக இருந்தால் தப்பிவிடும். அதனால்தான் சோதனைகளில் இது சிக்குவதில்லை.

இன்னொரு தவறு, ஹீப்பின் எல்லை. அதே அரேயின் முன்பகுதி ஹீப், பின்பகுதி அடுக்கி முடித்தது. உச்சியைக் கடைசிக்கு மாற்றியபின் `n`-ஐக் கொடுத்தே மறுபடி இறக்கினால் ஒதுக்கிய எண் திரும்ப ஏறிவிடும். `[7, 3]` போதும்: மாற்றினால் `[3, 7]`, இறக்கினால் மீண்டும் `[7, 3]`. சரியான வடிவம்:

```
for end in range(n - 1, 0, -1):
    a[0], a[end] = a[end], a[0]
    sift_down(a, 0, end)
```

கீழே இறக்கும் `sift_down`-க்குள் `end` என்பது ஹீப்பின் நீளம், இண்டெக்ஸ் அல்ல. பிள்ளையைப் பார்க்குமுன் `left < end` என்று கேட்க வேண்டும். `<=` போட்டால் பழைய கதைதான்.

இரண்டு தவறுகளையும் பிடிக்க, 1 முதல் 7 வரையிலான ஒவ்வொரு நீளத்துக்கும் எல்லா வரிசை மாற்றங்களையும் ஓட்டிப் பார்த்துவிடுவேன். மொத்தம் 5913, கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.