வேலையை விட்ட பிறகும் தொடரும் தடை: எது செல்லும், எது செல்லாது?

"நான்-காம்பீட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று, வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்னும் ஒப்பந்த ஷரத்தைப் பற்றி அலுவலகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பி ஒருவர் மறுநாளே போட்டி நிறுவனத்தில் சேருகிறார். இன்னொருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து, கையில் வந்த நல்ல வேலையை விட்டுவிடுகிறார். இரண்டு பேருமே அந்த ஷரத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

முதல் தவறு, வேறு நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு முடிவெடுப்பது. ஒரே வாசகத்துக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது. இங்கிலாந்தில் அது நியாயமான அளவுக்குள் இருக்கிறதா, நிறுவனத்தின் உண்மையான நலன் ஒன்றைக் காக்கிறதா என்று நீதிமன்றம் எடைபோட்டுப் பார்க்கும். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவில், சட்டப்படியான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அந்தப் பிரிவே தரும் விதிவிலக்கு, தொழிலை அதன் குட்வில்லோடு, அதாவது அது சேர்த்துவைத்த நற்பெயரோடு, விற்பவருக்கானது. மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தாது.

இதனால்தான் "ஆறு மாதம்தானே, ஒரு ஊரில் மட்டும்தானே, நியாயமாகத்தானே எழுதியிருக்கிறோம்" என்று இந்திய நிறுவனங்கள் நம்புவது வீணாகிறது. வேலை முடிந்த பிறகு நீளும் தடைக்கு நியாயம் என்ற அளவுகோல் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை.

சரி, அப்படியானால் ஊழியருக்கு எந்தப் பயமும் இல்லையா? இங்கேதான் இரண்டாவது தவறு நடக்கிறது, பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வதும் இதில்தான். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

1967இல் வந்தது செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கு. டயர் கார்டு நூல் தயாரிப்பில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர், ஐந்து ஆண்டுகளுக்கு என்று கையெழுத்திட்டு, 1964இலேயே கிளம்பிப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். ஒப்பந்தக் காலம் முடியும் 1968 மார்ச் வரை அதே மாதிரியான வேலையை வேறு எங்கும் பார்க்கக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒப்புக்கொண்ட காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது என்பதே காரணம்.

1980இல் வந்த சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில், வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகள் கடைசியாகப் பணியாற்றிய ஊரில் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று ஷரத்து இருந்தது. நிறுவனம் அந்த மேலாளரை வேலையை விட்டு நீக்கியது. அவர் டெல்லியில் சொந்தமாக அதே தொழிலைத் தொடங்கினார். நிறுவனம் கேட்ட தடை கிடைக்கவில்லை. ஷரத்தில் 'விட்டுச் சென்றால்' என்று இருந்தது. நீக்கப்பட்டவர் தானாக விட்டுச் சென்றவர் ஆக மாட்டார் என்பதை வைத்தே இரு நீதிபதிகள் முடித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் 27ஆவது பிரிவுக்குள்ளும் போய், வேலைக்குப் பிந்தைய தடையே செல்லாது என்று எழுதினார்.

ஆக, உங்கள் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது ஒரு தேதி. எவ்வளவு காலம் பணியாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் எப்போது முடிகிறது என்று பாருங்கள். அது முடியும்முன் போட்டி நிறுவனத்தில் உட்கார்ந்தால், செல்லாத ஷரத்து என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாமல் போகலாம். ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலும் ரிலீவிங் லெட்டரும் அதனால்தான் முக்கியம்.

மூன்றாவது தவறு சின்னதாகத் தெரியும். கடைசி வாரத்தில் ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலையும் விலைக் கணக்கு எக்செல் தாளையும் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்கிறார். கேட்டால் "நான் உருவாக்கியதுதானே" என்பார். போட்டி நிறுவனத்தில் சேருவதற்கான தடை செல்லாது என்றாலும், ரகசியம் காக்கும் கடமை வேலையோடு முடிந்துவிடுவதில்லை. அனுப்பிய நாளும் நேரமும் சர்வரில் பதிவாகியிருக்கும். நிறுவனத்துக்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. தலையில் இருக்கும் திறமையும் அனுபவமும் உங்களுடையவை, எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கோப்பு அப்படியல்ல.

நிறுவனம் நடத்துபவர்களுக்கும் இதே கோட்டில் வேலை இருக்கிறது. இரண்டு ஆண்டுத் தடையை நம்பி உட்காராமல், எந்தத் தகவல் ரகசியம் என்று ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். 'நிறுவனத்தின் எல்லாத் தகவலும்' என்று பொதுவாக எழுதினால், எதைக் காக்கக் கேட்கிறீர்கள் என்பதை நீதிமன்றத்தில் காட்டுவது கடினம். யார் எதைத் திறக்கலாம் என்பதையும் கட்டுப்படுத்துங்கள். முக்கியப் பொறுப்பில் இருப்பவருக்கு நோட்டீஸ் பீரியடை நீட்டி, அந்தக் காலம் முழுவதும் சம்பளம் கொடுத்து வைத்திருங்கள். அவர் அப்போதும் உங்கள் ஊழியர்தான் என்பதால், தடை கேட்க உங்களுக்கு அங்கே வலுவான இடம் இருக்கும்.