மூலம் வற்றிய பிறகு மிஞ்சும் தோல்: விட்டுவிடலாமா, வெட்டி எடுக்கலாமா?

மூல வலி போய்விட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால் கழுவும்போது விரலில் மெத்தென்று ஒரு சின்னத் தோல் தட்டுப்படுகிறது. மூலம் இன்னும் போகவில்லை என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் ஆயின்மென்ட் தடவிக்கொண்டிருப்பார்கள். அது மூலம் இல்லை, மூலம் இருந்த இடத்தில் மிஞ்சிய தோல். தடவினால் கரையாது, மாத்திரைக்கும் சுருங்காது. எடுக்கத்தான் வேண்டுமா என்று எப்படி முடிவு செய்வது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: எப்படி வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஆசனவாயின் வெளிவிளிம்பில், தோலுக்கு அடியில் மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அதில் ரத்தம் உறைந்து கட்டிக்கொண்டால் திடீரென்று நீலம் பாய்ந்த, கெட்டியான ஒரு வீக்கம் வரும். முதல் இரண்டு மூன்று நாள் வலி உயிரை வாங்கும். அப்புறம் மெல்லக் குறையும். உறைந்த ரத்தத்தை உடம்பே சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும்.

கட்டி போனாலும் அதன் மேல் இழுபட்ட தோல் முழுதாகப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தோல் தளர்ந்து கிடப்பதைப் போலத்தான் இதுவும். உள்ளே ரத்தமும் இல்லை, கட்டியும் இல்லை. வீக்கம் எவ்வளவு பெரிதாக இருந்ததோ, எத்தனை முறை வந்து போனதோ, அதற்கேற்பத் தோலும் மிஞ்சும்.

படி 2: அவசரப்படாதீர்கள்

வலி நின்றவுடன் தெரியும் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தோலில் தேங்கிய நீர் வடியவே வாரங்கள் ஆகும். இரண்டு மாதம் போல விட்டுப் பாருங்கள். பாதியாகச் சுருங்கி, இருப்பதே தெரியாமல் போவது சகஜம். கர்ப்ப காலத்தில் வந்ததென்றால் பிரசவம் முடிந்து உடம்பு தேறும் வரை காத்திருப்பதுதான் முறை.

படி 3: அது வெறும் தோல்தானா?

மிஞ்சிய தோல் மென்மையாக, சுற்றியுள்ள தோலின் நிறத்தில் அல்லது சற்றுக் கறுத்து இருக்கும். தொட்டால் வலிக்காது, தானாக ரத்தம் கசியாது, முக்கினாலும் பெரிதாகாது. இதில் ஏதாவது ஒன்று பொருந்தவில்லையென்றால் விஷயம் வேறு.

மலம் கழிக்கும்போது கிழிப்பதுபோல் வலித்து, அந்த எரிச்சல் வெகுநேரம் நீடித்தால், தோலுக்குப் பக்கத்தில் ஆசனவாய் வெடிப்பு ஒளிந்திருக்கலாம். அப்படி வளரும் தோல் பெரும்பாலும் முதுகெலும்புப் பக்கமாக, நடுக்கோட்டில் இருக்கும். அங்கே வெடிப்பை ஆற்றாமல் தோலை மட்டும் வெட்டினால் வலி அப்படியே இருக்கும். சொரசொரப்பாக, கொத்துக் கொத்தாகப் பெருகினால் மருவாக இருக்கலாம். கெட்டியாக இருந்தாலும், புண்ணாகி ஆறாமல் நின்றாலும், வளர்ந்துகொண்டே போனாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லும் முடிவு முழு முடிவு ஆகாது. ஒரு முறையாவது சர்ஜனிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. கூச்சமாகத்தான் இருக்கும். அவருக்கு இது தினசரி வேலை.

படி 4: தொந்தரவு தோலால்தானா என்று சோதியுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இதுதான். அரிப்பு இருக்கிறது, தோலும் இருக்கிறது, அப்படியானால் தோலால்தான் அரிப்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். வெட்டிய பிறகும் அரிப்பு நிற்காது.

ஓர் உதாரணம். நாற்பது வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ரத்தக்கட்டு வந்து ஆறி ஐந்து மாதம் ஆகிறது. ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தோல் மிச்சம். இரண்டு புகார்கள் சொல்கிறார்: சாயங்காலம் ஆனால் அரிப்பு, மலம் கழித்த பிறகு எத்தனை முறை துடைத்தாலும் சுத்தமான உணர்வு இல்லை. அதனால் தினம் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறார், நடுவில் வாசனை டிஷ்யூவும் உண்டு.

இவர் முதலில் நான்கு வாரம் இப்படிச் செய்து பார்க்க வேண்டும். சோப்பும் வாசனை டிஷ்யூவும் கூடாது, வெறும் தண்ணீர் போதும். கழுவியபின் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் மடிப்பைத் தூக்கி அதன் அடியிலும் ஈரம் இல்லாமல் உலர்த்த வேண்டும். அதன் மேல் துத்தநாக ஆக்சைடு களிம்பு மெலிதாக. மலம் இளகலாகப் போனாலும் கசிவு இருக்கும், இறுகினாலும் முக்க வேண்டிவரும். அதனால் நார்ச்சத்தும் தண்ணீரும் சரியாக இருக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட்டை வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து அரிப்பு கூடும், அதை நிறுத்த வேண்டும்.

நான்கு வாரம் கழித்து அரிப்பு போய்விட்டது. ஆக, அரிப்புக்குக் காரணம் சோப்பும் ஈரமும். ஆனால் மடிப்புக்குள் மலம் தங்குவது மட்டும் மாறவே இல்லை. ஒவ்வொரு முறையும் தூக்கித் தூக்கிக் கழுவ வேண்டியிருக்கிறது. அது தோலின் வடிவத்தால் வரும் தொல்லை, எந்தக் களிம்பாலும் தீராது. இவர் எடுப்பதை யோசிப்பது நியாயம். வெறும் அரிப்புக்காக மட்டும் கேட்டிருந்தால் வேண்டாம் என்பேன்.

சுத்தம் செய்ய முடியாமை, உள்ளாடையில் உரசி அடிக்கடி புண்ணாவது, அந்தரங்க நேரத்தில் மனதை உறுத்துவது: எடுக்க இவை போதுமான காரணங்கள். கடைசிக் காரணத்தைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் கிரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் கவனம். அவர்களுக்கு அந்த இடத்துப் புண் எளிதில் ஆறாது என்பதால் வெட்டுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சர்க்கரை நோய் இருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 5: எடுப்பதென்றால் என்ன நடக்கும்?

பெரும்பாலும் சின்ன வேலைதான். மரத்துப்போக ஊசி போடுவார்கள்; சில நொடிகள் சுரீரென்று இருக்கும், மொத்தத்தில் அதிகம் வலிப்பது பெரும்பாலும் அதுவே. பிறகு தோலைப் பிடித்துத் தூக்கி அடியோடு நறுக்கிவிடுவார்கள். புண்ணைத் தானே ஆறட்டும் என்று திறந்தே விடலாம், கரையும் தையலும் போடலாம். பொதுவாக அன்றே வீட்டுக்குப் போகலாம். சுற்றிலும் பல இடத்தில் தோல் இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தோலை அதிகம் எடுத்தால் ஆறும்போது ஆசனவாய் சுருங்கிவிடலாம்.

வீட்டில் நூல் கட்டுவதும், மரு உதிர்க்கும் திரவம் தடவுவதும் வேண்டவே வேண்டாம். இந்த இடத்தில் உணர்வு நரம்புகள் அடர்த்தி. வலியோடு சீழும் பிடிக்கும். உள்மூலத்துக்குப் போடும் ரப்பர் வளையத்தை இதற்குப் போடாததும் இந்த வலியால்தான்.

படி 6: ஆறும் வாரங்கள்

முதல் முறை மலம் கழிப்பதுதான் கடினம். மலம் இளக மருந்தை முன்கூட்டியே தொடங்கியிருந்தால் பாதி பயம் குறையும். மலம் கழித்தபின் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். சில நாள் துளித்துளியாக ரத்தமும் மஞ்சள் கசிவும் வருவது இயல்பு. புண் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும். நடுவில் ஓரம் வீங்கி, தோல் திரும்ப முளைத்துவிட்டது போலத் தெரியும். பெரும்பாலும் அது வெறும் வீக்கம், வடிந்துவிடும்.

அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, சிறுநீர் போக முடியாமை இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.