அவியல்: காய் குழையக் கூடாது, தயிர் திரியக் கூடாது

இது நாகர்கோவில் பக்கத்து அவியல். நான்கு பேருக்கு அரைக் கிலோ காய் போதும். சேனை, வாழைக்காய், கொத்தவரங்காய், கேரட், முருங்கைக்காய், வெள்ளரிக்காய், கத்தரிக்காய் என்று கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கை நான் சேர்ப்பதில்லை. அது கரைந்து குழம்பைக் கூழாக்கிவிடும்.

எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு, ஒரே பருமனில் நறுக்குங்கள். அரை மூடித் தேங்காய், 5 பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம் மூன்றையும் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து வையுங்கள். மையாக அரைத்தால் அது குருமா.

இனி வேகவைப்பது. குக்கரை எடுக்கவே வேண்டாம். வாய் அகன்ற உருளியோ அடி கனமான வாணலியோதான் சரி. காய்கள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்தாது. முதலில் சேனையை மட்டும் அரை டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், உப்புடன் மூடி வையுங்கள். அது பாதி வெந்ததும் வாழைக்காய், கேரட், கொத்தவரங்காய். சற்றுப் பொறுத்து முருங்கைக்காய். வெள்ளரியும் கத்தரியும் கடைசியில். உப்பு பட்டதும் வெள்ளரி தானே நீர் விடும், அதனால் மேற்கொண்டு தண்ணீர் ஊற்றாதீர்கள். கிளற வேண்டுமென்றால் கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து புரட்டுங்கள். சேனைத் துண்டில் காம்பு எளிதாக இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது. அதுதான் பதம்.

இப்போது அரைத்த விழுதைக் காயின் மேல் பரப்பி மூடி, ஆவி வந்ததும் ஒருமுறை புரட்டி, அடுப்பை அணைத்துவிடுங்கள்.

தயிர் இதற்குப் பிறகுதான். முன்னதாகவே ஊற்றினால் இரண்டு கெடுதல். புளிப்பு பட்ட காய் எளிதில் வேகாது. சேனை நறுக்கென்றே நின்றுவிடும். தயிரோ கொதியில் திரிந்து, வெள்ளைத் திப்பிகள் ஒருபுறமும் நீர் ஒருபுறமுமாகப் பிரியும். ஆகவே அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, கொதி அடங்கியதும், புளித்த கெட்டித் தயிர் அரைக் கிண்ணத்தைக் கட்டியில்லாமல் கடைந்து ஊற்றுங்கள். மேலே இரண்டு கொத்துக் கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி விட்டு மூடிவிடுங்கள். தாளிப்பு கிடையாது. வேறு எண்ணெயில் செய்வதானால் அதை அவியல் என்று என்னிடம் சொல்லாதீர்கள்!

பின்சேர்க்கை: கடைத் தயிரில் செய்தால் நீர்த்துப்போகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். தயிரை மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட்டு, நீர் வடிந்தபின் சேருங்கள். மாங்காய் போட்டிருந்தால் தயிரைப் பாதியாகக் குறைத்துவிடலாம். இரவுக்கும் சேர்த்துச் செய்பவர்கள், தயிர் கலக்கும் முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். தயிர் சேர்ந்த அவியலை மறுபடி சூடாக்கினால் திரியத்தான் செய்யும்.