சின்ன நீச்சல் குளத்துக்கு கான்கிரீட், கம்பி, டைல்ஸ் கணக்கு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீளம், அகலம், ஆழம், சுவர் கனம் இந்த நாலு நம்பர் கையில இருந்தா போதும், குளத்துக்கான பொருளை போட்டுடலாம்னு நினைப்போம். போடலாம்தான், ஆனா அந்த நாலு நம்பரையும் மூணு பொருளுக்கும் ஒரே மாதிரி போட்டா அங்கதான் இடிக்கும். கான்கிரீட்டுக்கு வேணும்கிறது கன அளவு, கம்பிக்கு வேணும்கிறது அது ஓடுற மொத்த நீளம், டைல்ஸுக்கு வேணும்கிறது உள்ள கண்ணுக்கு தெரியுற பரப்பு.

ஒரு குளத்தை எடுத்துக்குவோம். உள்ளளவு 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஒரு முனையில 1.2 மீட்டர் ஆழம், மறு முனையில 1.8, நடுவுல சீரா சரிவு. சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனம். டிசைன் இன்ஜினியர் கொடுத்தாச்சு, நாம அளவு மட்டும் எடுக்குறோம்னு வச்சுக்கலாம்.

முதல்ல கான்கிரீட். நிறைய பேர் உள்ளளவையே வச்சு சுத்தளவு 18 மீட்டர், சராசரி ஆழம் 1.5, கனம் 0.2, ஆக சுவருக்கு 5.4 கன மீட்டர், தரைக்கு 6 × 3 × 0.2 போட்டு 3.6, மொத்தம் 9ன்னு எழுதிடுவாங்க. பார்க்க சரியாதான் தெரியும். ஆனா தரை ஸ்லாப் சுவருக்கு அடியிலயும் போகுதே, அதோட அளவு 6.4 × 3.4 ஆச்சே. அதுலயே 4.35 வந்துடும். சுவர்லயும் நாலு மூலை விட்டுப்போச்சு. சுவர் கனத்துக்கு நடுவுல ஒரு கோடு போட்டு அளந்தா அதோட நீளம் 2 × (6.2 + 3.2) = 18.8 மீட்டர், அதை 1.5 ஆலயும் 0.2 ஆலயும் பெருக்கினா 5.64. ரெண்டும் சேர்த்து 10 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காணோம், பத்துக்கு ஒண்ணு.

இதுக்கு பயந்து சிலர் வெளியளவு சுத்தளவு 19.6 போடுவாங்க, அப்போ மூலை ரெண்டு தடவை எண்ணப்படும், கால் கன மீட்டர் கூடுதலா வரும். பரவாயில்லை, அது சின்ன தப்பு. சுவர் உயரத்தை ஸ்லாப்போட அடியில இருந்து அளந்துட்டு ஸ்லாப்பையும் முழுசா போடுறதுதான் பெருசு, முக்கால் கன மீட்டர் சும்மா ஏறும். சரிவுத் தரையோட நீளம் 6 இல்லை 6.03ன்னு யாராவது நுணுக்கம் பேசினா விட்டுடுங்க, அரை சதவீதம்தான்.

குறைஞ்சா என்ன ஆகும்னு ஒரு தடவை நானே பார்த்தேன். இதே அளவுல ஒரு குளம், தரைக்கு உள்ளளவை வச்சு 3.6ன்னு ஆர்டர் போட்டது நான்தான். ஆழம் பக்கம் ஆரம்பிச்சு இழுத்துட்டு வந்தோம், மேட்டு முனையில ஒரு மீட்டருக்கு கொஞ்சம் கூட கம்பி அப்படியே வெறும்னே நிக்குது, லாரி காலி. அடுத்த லோடு வர நாலு மணி நேரம் ஆச்சு, அதுக்குள்ள போட்ட ஓரம் இறுகிடுச்சு. புதுசு அதுல ஒட்டவே இல்லை. கடைசியில தண்ணி நிரப்பி சோதிச்சப்போ மட்டம் இறங்கிட்டே இருந்துச்சு. வெயில்ல ஆவியாகுதோன்னு ஒரு வாளில தண்ணி ஊத்தி படியில வச்சு, வாளிக்குள்ளயும் குளத்து சுவர்லயும் கோடு போட்டு விட்டோம். வாளில இறங்கினதை விட குளத்துல இறங்கினது அதிகம். அப்போ ஒழுகல்தான். தண்ணிய எடுத்து காய விட்டா, எல்லா இடமும் காஞ்சு, அந்த ஜாயின்ட் மட்டும் ஈரக் கோடா நேரா தெரியுது. அதுக்கப்புறம் உள்ளளவு நம்பரை நம்பி ஆர்டர் போட்டதே இல்லை.

ஆழம்னு சொல்றப்போ எந்த ஆழம்னும் கேட்டுக்கணும். வீட்டுக்காரங்க சொல்றது பெரும்பாலும் தண்ணி ஆழம், நமக்கு வேணும்கிறது சுவர் உயரம். தண்ணி மட்டத்துக்கு மேல 15 சென்டிமீட்டர் சுவர் நிக்கணும்னா 18.8 × 0.15 × 0.2, அரை கன மீட்டருக்கு மேல. அதே மாதிரி பூச்சும் டைலும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தின்னும், அதனால முடிஞ்ச அளவு 6 × 3 வேணும்னா கான்கிரீட் உள்ளளவு 6.06 × 3.06ன்னு வச்சாதான் வரும். நான் இங்க எடுத்துக்கிட்ட 1.2, 1.8 ரெண்டும் சுவர் உயரம், 6 × 3 ஆனது கான்கிரீட்டோட உள்ளளவு.

அடுத்து படி. இதை மறக்குறவங்கதான் அதிகம். மேட்டு முனை மூலையில 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் மிதி, 30 உயரம், மூணு படின்னு வச்சா, சுவரை ஒட்டுன படி 0.9 உயரம், அடுத்தது 0.6, கடைசி 0.3. 0.3 × 1 × (0.9 + 0.6 + 0.3) = 0.54 கன மீட்டர் கான்கிரீட். ஆக 10 இப்போ பத்தரை. சேதாரம் 5 சதவீதம் சேர்த்து 11. இது ரெண்டு பக்கமும் ஷட்டரிங் அடிச்சா. வெளிப்பக்கம் மண்ணையே ஷட்டரா வச்சு ஊத்தினா, வெட்டுன மண் எங்கேயும் நேரா இருக்காது, சராசரியா 3 சென்டிமீட்டர் வெளிய தள்ளி இருந்தாலே 28.2 சதுர மீட்டர் சுவருக்கு 0.85 கன மீட்டர் கூட போகும், அதை டேப் வச்சு நாலஞ்சு இடத்துல அளந்து பார்த்துட்டு ஆர்டர் போடுங்க. அடியில போடுற லீன் கான்கிரீட்டை இதுல சேர்க்காதீங்க, அது வேற மிக்ஸ்.

இன்னொண்ணு, 1.54ஆல பெருக்குறது. சிமென்ட், மணல், ஜல்லிய சைட்லயே கலக்கும்போது உலர்ந்த பொருளோட அளவு கலவையை விட அதிகம்கிறதுக்காக வந்த நம்பர் அது. ரெடிமிக்ஸ் வாங்குறவங்க அதைப் போடவே கூடாது, கலந்த கான்கிரீட்டைத்தான் கன மீட்டர்ல அனுப்புறாங்க. போட்டீங்கன்னா 11க்கு பதிலா 17 கன மீட்டர் வந்து நிக்கும்.

இனி கம்பி. கம்பியை ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 80 கிலோன்னு போடுற பழக்கம் இருக்கு, 10க்கு 800 கிலோ. கட்டட ஸ்லாப்புக்கு ஏதோ ஒத்துவரும், குளத்துக்கு ஏன் வராதுன்னு பாருங்க. கம்பி வலை சுவர் பரப்பு முழுக்க ஓடுது, கனத்தோட சம்பந்தமில்லை. சுவரை 20ல இருந்து 15 சென்டிமீட்டராக்கினா அந்த விதிப்படி கம்பியும் கால் பங்கு குறையணும், ஆனா நிஜத்துல மெல்லிசான சுவருக்குத்தான் கம்பி கூட தேவைப்படும். விதி எதிர்த்திசையில இழுக்குது.

10 எம்எம் கம்பி, ரெண்டு திசையிலயும் 150 எம்எம் இடைவெளி, உள்முகம் வெளிமுகம் ரெண்டுலயும் வலைன்னு டிராயிங்ல இருந்தா, கணக்கு இப்படி:

```
ஒரு மீட்டர் எடை = 10 × 10 / 162 = 0.617 கிலோ
ஒரு வலை, 1 ச.மீ = 2 / 0.15 × 0.617 = 8.23 கிலோ
ரெண்டு வலை = 16.46 கிலோ
தரை 21.76 ச.மீ = 358 கிலோ
சுவர் 28.2 ச.மீ = 464 கிலோ
```

822 கிலோ. 800க்கு கிட்ட வந்துடுச்சே, அந்த விதி சரிதானேன்னு தோணும், ஆனா இது வெறும் வலை. தரையில இருந்து சுவருக்கு ஏறுற எல் கம்பி இன்னும் வரலை. 18.8 மீட்டர்ல 150க்கு ஒண்ணுன்னா 125, ரெண்டு முகத்துக்கும் 250. ஒவ்வொண்ணும் தரைக்குள்ள அரை மீட்டர், சுவர் கம்பியோட ஒட்டி சேர்ந்து ஓடுற லேப் அரை மீட்டர்னா 250 மீட்டர், 154 கிலோ. லேப் 50 மடங்கு விட்டம்னு எடுத்திருக்கேன், உங்க டிராயிங்ல என்ன இருக்கோ அதை போடுங்க. அப்புறம் நாலு மூலையிலயும் படுக்கை கம்பிக்கு எல் வளைவு, 11 வரிசை, ரெண்டு முகம், 88 துண்டு, துண்டுக்கு ஒரு மீட்டர்னா 54 கிலோ. இப்போ 1030. தரையோட மேல் வலையை தூக்கி நிறுத்துற சேர் கம்பி, வெட்டு சேதாரம்னு ஒரு 3 சதவீதம் வச்சா 1060 கிட்ட. 80 கிலோ விதி 260 கிலோ குறைவா காட்டியிருக்கு. குறையுறது எங்க தெரியுமா, தரையும் சுவரும் சேர்ற மூலையில, தண்ணி அழுத்தம் சுவரை வளைக்கப் பார்க்குற அதே இடத்துல. சைட்ல கம்பி பத்தலைன்னா ஆளுங்க முதல்ல லேப்பைத்தான் குறைப்பாங்க. அதனால கம்பி கட்டி முடிச்சதும் வலையோட அழகைப் பார்க்காம, மூலை லேப்பை டேப் வச்சு அளங்க.

வெட்டு சேதாரம் பத்தி ஒரு வார்த்தை. 12 மீட்டர் கம்பியில 3.4 மீட்டர் துண்டு மூணு வரும், மிச்சம் 1.8. அதை தூக்கிப் போடாம சுவரோட நிமிர்ந்த கம்பிக்கு ஒதுக்கி வச்சா சேதாரம் பாதியாகிடும், யோசிக்காம வெட்டுனா 3 சதவீதம் பத்தாது.

டைல்ஸ். இங்க சராசரி ஆழம் போடாம பெரிய ஆழத்தை போடுறது வழக்கமான தப்பு, 18 × 1.8ன்னா சுவருக்கு 32.4 சதுர மீட்டர். நிஜத்துல நீள சுவர் ரெண்டும் 6 × 1.5, சேர்த்து 18. அகல சுவர் 3.6, 5.4. ஆக 27. தரை 18.1. மொத்தம் 45.1 சதுர மீட்டர். கான்கிரீட்டுக்கு எடுத்த 18.8 இங்க ஆகாது, உள்பக்க 18தான்.

படிக்கு எவ்வளவு கூட்டணும்? இதுல வேடிக்கை, மூலையில நிக்கிற படிக்கு ஒண்ணுமே கூட்ட வேண்டாம். மூணு மிதியும் சேர்ந்து அது மறைச்ச தரைக்கு சமம், மூணு முகமும் சேர்ந்து பின்னாடி மறைச்ச சுவருக்கு சமம், ஒரு பக்கவாட்டு 0.54 மறைஞ்சா இன்னொரு பக்கவாட்டு 0.54 திறக்குது. கான்கிரீட்ல அரை கன மீட்டர் தின்ன அதே படி டைல்ஸ்ல பூஜ்யம். படியை மூலையில வைக்காம அகல சுவர் நடுவுல வச்சா மட்டும் ரெண்டு பக்கவாட்டும் தெரியும், 1.08 கூட்டிக்கணும். ஆனா விளிம்பு எல்லா இடத்துலயும் உண்டு, மூலைப் படிக்கு மூணுக்கும் சேர்த்து 3.9 மீட்டர், அதுக்கு மழுங்குன விளிம்பு துண்டு தனியா எண்ணி வாங்கணும், இல்லைன்னா கால் கிழியும்.

நீள சுவரோட அடி ஓரம் சரிவா போறதால ரெண்டு பக்கமும் 6 மீட்டர் முழுக்க சாய்ஞ்ச வெட்டு வரும். 30 சென்டிமீட்டர் டைல்னா பக்கத்துக்கு 20 துண்டு, அதனால 10 சதவீதம் சேதாரம் அதிகமில்லை, 49.6ன்னு எடுங்க. மொசைக் ஷீட்னா வெட்டு குறைவு, ஆனா அங்க வேற பொறி. ஷீட்னாலே 30க்கு 30ன்னு நினைச்சு 0.09ஆல வகுத்தா 551 ஷீட். 20 எம்எம் கண்ணாடி மொசைக் நிறைய 327 எம்எம் ஷீட்ல வருது, அது 0.107 சதுர மீட்டர், 464 ஷீட் போதும். 87 ஷீட் வீணா வாங்கியிருப்பீங்க. பெட்டியில போட்டிருக்கிற நிஜ அளவை பார்த்துட்டு வகுங்க, எல்லா பெட்டியிலயும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கான்னும் அப்பவே பார்த்துக்கோங்க, பேட்ச் மாறினா நிறம் லேசா மாறும், காய்ஞ்சிருக்கும்போது கண்ணுக்கு தெரியாது, தண்ணி நிரப்பினதும் பட்டையா தெரியும்.