8 பிட்டா, 10 பிட்டா? கிரேடிங்கில் வானம் பட்டை பட்டையாக உடைவது ஏன்

மாலை வானத்தை லாக்கில், அதாவது கிரேடிங்குக்காகவே தட்டையாகப் பதிவாகும் ப்ரொஃபைலில் எடுத்து வந்து கான்ட்ராஸ்டை ஏற்றியதும், மேலிருந்து கீழே வழுவழுவென்று இறங்க வேண்டிய நீலம் படிக்கட்டு மாதிரி நிற்கும். இதுதான் பேண்டிங். ஒரிஜினல் கிளிப்பில் கண்ணுக்குப் படாமல் கிரேடிங்கில் மட்டும் வருவதால் பலரும் லட் என்ற ரெடிமேட் நிற மாற்ற ஃபைலைத்தான் திட்டுவார்கள், ஆனால் பெரும்பாலும் காரணம் படம் எடுத்த அன்றே ஃபைலுக்குள் வந்துவிட்டது.

8 பிட்டில் ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. சாதாரண ப்ரொஃபைலில் எடுத்து லேசாகத் திருத்தினால் 256 போதும். சிக்கல் லாக்கில்தான். சோனியின் எஸ்-லாக்3-ஐ எடுத்துக்கொள்வோம். அது ஏகப்பட்ட ஸ்டாப்புகளை, அதாவது ஒவ்வொன்றும் இரு மடங்காகும் வெளிச்ச அளவுகளை, ஒரே ஃபைலில் அடக்குகிறது, அதனால் நடுச்சாம்பலுக்கு மேல் ஒரு ஸ்டாப்புக்கு 10 பிட்டில் ஏறக்குறைய 78 படிகள்தான் கிடைக்கும், 8 பிட்டில் 20 கூட இல்லை.

உங்கள் 4கே ஃப்ரேமில் வானம் மேல்பாதி, அதாவது 1080 வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம். 8 பிட்டில் ஒவ்வொரு படியும் சுமார் 54 வரிசை அகலமுள்ள பட்டை. இப்போது கிரேடிங்கில் கான்ட்ராஸ்டை இரண்டரை மடங்கு இழுத்தால், பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு இடையே திரையில் இரண்டு மூன்று படி தாண்டல் விழும், வழுவழுப்பான பரப்பில் அந்த விளிம்பைக் கண் உடனே பிடித்துவிடும். 10 பிட்டில் பட்டை 14 வரிசைதான், அதே இழுப்புக்குப் பிறகும் தாண்டல் திரையின் ஒரு படிக்குள் அடங்கிவிடும்.

சரி, இதை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதலில் கேமரா. ஏ7 IV, ஏ7எஸ் III போன்ற பாடிகளில் `Record Setting` மெனுவில் `4:2:0 8bit`, `4:2:2 10bit` என்று எழுதியே இருக்கும். ஏ7 III என்றால் 8 பிட் மட்டும்தான்.

அடுத்து, ஒரு வெள்ளைச் சுவருக்கு ஒரு பக்கத்திலிருந்து விளக்கு போட்டு, ட்ரைபாடில் கேமராவை வைத்து, அதே எக்ஸ்போஷரில் இரண்டு செட்டிங்கிலும் ஒவ்வொரு கிளிப் எடுங்கள். வானம் வேண்டாம், அடுத்த கிளிப்புக்குள் வெளிச்சம் மாறிவிடும். ஐஎஸ்ஓவை அந்த லாக்கின் பேஸ் அளவிலேயே வையுங்கள், நாய்ஸ் அதிகமானால் அது பட்டைகளை மறைத்துவிடும்.

ஃபைல் உண்மையில் எத்தனை பிட் என்பதை FFmpeg-உடன் வரும் `ffprobe` கட்டளையில் இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=pix_fmt -of default=nw=1 clip.MP4
```

`yuv420p` அல்லது `yuvj420p` வந்தால் 8 பிட், `yuv422p10le` வந்தால் 10 பிட். 8 பிட் கிளிப்பை 10 பிட் ஃபைலாக மாற்றினாலும் இங்கே 10 என்றுதான் காட்டும், அதனால் கேமராவிலிருந்து நேராக வந்த ஃபைலைத்தான் சோதிக்க வேண்டும், தொலைந்த படிகள் மாற்றுவதால் திரும்பி வராது.

அப்புறம் டாவின்சி ரிசால்வில் இரண்டையும் போட்டு, `Color Space Transform`-இல் எஸ்-லாக்3-இலிருந்து ரெக்.709-க்குக் கொண்டுவந்து, ஒரே கான்ட்ராஸ்டை இரண்டுக்கும் ஏற்றுங்கள். பரேட் ஸ்கோப்பைப் பாருங்கள்: 10 பிட்டில் சுவர் ஒரு நிறைந்த மேகமாக இருக்கும், 8 பிட்டில் அதே இடம் இடைவெளி விட்ட கிடைக்கோடுகளாகப் பிரியும். படத்தைவிட ஸ்கோப்பை நம்புங்கள், மலிவான மானிட்டர் தானே பட்டை காட்டும். சதுரம் சதுரமாக உடைந்தால் அது பேண்டிங் இல்லை, பிட்ரேட் போதாத கம்ப்ரஷன்.

இதே கிளிப்பில் ஒரு வேடிக்கை: நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டதும் 8 பிட்டில் பட்டைகள் இன்னும் பளிச்சென்று தெரியும். இதுவரை அந்த விளிம்புகளைக் கலைத்து வைத்திருந்ததே நாய்ஸ்தான்.

கையில் 8 பிட் கேமராதான் என்றால் எஸ்-லாக்3 பக்கமே போகாதீர்கள் என்பேன். சினி2, சினி4 போன்ற காமா போதும், கடைசியில் வேண்டிய தோற்றத்துக்கு அருகிலேயே எக்ஸ்போஷரும் வைட் பேலன்ஸும் வைத்துவிட்டால் இழுக்க வேண்டியது குறையும். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் இறக்குங்கள், வானத்தில் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டாம், கடைசி நோடில் லேசான க்ரெய்ன் போடுங்கள். யூடியூபுக்கு ஏற்றும்போது அவர்கள் மறுபடி சுருக்குவார்கள், மெல்லிய க்ரெய்ன் அதில் தேய்ந்துபோகும், அதனால் எடிட்டில் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றும் அளவுக்கே போட்டு, அன்லிஸ்டட்டாக ஏற்றிப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.