எக்ஸ்பா-1 வெட்டவில்லையா? பாக்டீரியா வைத்த முத்திரையைத் தேடுங்கள்

மூன்று வாரம் போனது எனக்கு. குளோன் செய்த ஜீனை பிளாஸ்மிடிலிருந்து எக்ஸ்பா-1, ஈகோ ஆர்-1 என்ற இரண்டு வெட்டும் என்சைம்களாலும் வெட்டி வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஜெல்லில் 2.7 கேபி, 750 பிபி என்று இரண்டு பட்டை வரவேண்டிய இடத்தில் 3.4 கேபி-யில் ஒரே பட்டை. வேலூர் மே மாத வெயிலில் என்சைம் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், புதுக் குழாய் வாங்கிப் போட்டேன், அதே பட்டை. இன்குபேஷன் நேரத்தைக் கூட்டினேன், அதே பட்டை.

குழப்பியது எது என்றால், இதே எக்ஸ்பா-1 ஒரு மாதம் முன்பு அதே ஜீனின் பிசிஆர் துண்டை நன்றாக வெட்டியிருந்தது, அப்படி வெட்டித்தானே பியூசி-19-க்குள் ஒட்டினேன். அதே எழுத்துகள், அதே என்சைம், அன்று வெட்டியது இன்று வெட்டவில்லை. பிசிஆர் துண்டு குழாயில் உருவானது, பிளாஸ்மிட் ஈ.கோலைக்குள் வளர்ந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அங்கேதான்.

முதலில் இந்த என்சைம் யாருடையது என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கீழே உள்ள படிகள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. லாம்டா வைரஸை ஈ.கோலையின் சி வகையில் வளர்த்து, கே வகைமேல் விட்டால் பத்தாயிரத்தில் ஒன்று அளவுக்குத்தான் பிழைக்கிறது. பிழைத்ததன் வாரிசுகளை மறுபடி கே மேல் விட்டால் தாராளமாக வளர்கின்றன. அவற்றை ஒரே ஒரு முறை சி வழியாக அனுப்பிவிட்டு கே-க்குக் கொண்டுவாருங்கள், மறுபடியும் சாகின்றன. மாறியது ஜீன் என்றால் இப்படி ஒரே சுற்றில் பழைய நிலைக்குத் திரும்பாது. வைரஸின் டிஎன்ஏ மேலேயே அது கடைசியாக வளர்ந்த வீட்டின் முத்திரை இருக்கிறது என்பதை வெர்னர் ஆர்பரும் டெய்சி டுசுவாவும் 1962-இல் காட்டினார்கள்.

நம் பக்கம் செம்மறி மேய்ப்பவர்கள் தங்கள் ஆட்டின் முதுகில் சாயம் தடவிவிடுவது போலத்தான் இது. பாக்டீரியா ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையில் மெத்தில் என்ற சின்னக் குழுவைத் தன் டிஎன்ஏ மேல் ஒட்டி வைக்கிறது. அதே வரிசை சாயமில்லாமல் உள்ளே வந்தால் வெட்டும் என்சைம் நறுக்கிவிடும். தன் டிஎன்ஏ இரண்டாகப் பெருகும்போது புது இழையில் சாயம் இருக்காது, ஆனால் பழைய இழையில் இருக்கும், அந்த ஒரு இழைச் சாயமே வெட்டுக்குத் தடையாகப் போதும். அதற்குள் மெத்தில் ஒட்டும் என்சைம் புது இழையிலும் பூசிவிடும்.

ஹாமில்டன் ஸ்மித்தும் வில்காக்ஸும் 1970-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பாக்டீரியாவிலிருந்து குறிப்பிட்ட வரிசையில் மட்டும் வெட்டும் என்சைமைப் பிரித்தெடுத்தார்கள். அது பி-22 வைரஸின் டிஎன்ஏ-வை வெட்டியது, ஹீமோஃபிலஸின் சொந்த டிஎன்ஏ-வைத் தொடவில்லை. நம் ஃப்ரீசரில் இருக்கும் குழாய் ஒவ்வொன்றும் இப்படி ஏதோ ஒரு பாக்டீரியாவின் காவல் கத்திதான். எக்ஸ்பா-1 சாந்தோமோனாஸிலிருந்து வந்தது. அடையாளச் சாயம் பட்ட இடத்தைத் தொடாதது கத்தியின் பிறவிக் குணம், அந்தக் குணம் நம் குழாயிலும் மாறுவதில்லை.

படி 1: வெட்டும் இடத்தின் அக்கம்பக்கத்தைப் படியுங்கள்

எக்ஸ்பா-1 தேடுவது TCTAGA. ஆய்வகத்து ஈ.கோலை வகைகளில் பெரும்பாலானவற்றில், நாம் தினமும் பயன்படுத்தும் டிஎச்-5 ஆல்ஃபாவிலும், டேம் என்ற மெத்தில் என்சைம் உண்டு. அது GATC எங்கே இருந்தாலும் அதன் A-மேல் மெத்தில் ஒட்டும். டேமுக்கு ஜோடியாக வெட்டும் கத்தி எதுவும் ஈ.கோலையில் இல்லை. டிஎன்ஏ நகலெடுக்கும்போது வரும் பிழையைத் திருத்த, பழைய இழை எது என்று கண்டுபிடிக்கத்தான் அது சாயம் பூசுகிறது. ஆனாலும் சாந்தோமோனாஸின் கத்திக்கு அந்த இடத்தில் மெத்தில் இருந்தால் தடைதான்.

TCTAGA தனியாக இருந்தால் அதில் GATC கிடையாது. நான் ப்ரைமரில் TCTAGA போட்டேன், அதை ஒட்டி என் ஜீன் TC என்று ஆரம்பித்தது:

```
TCTAGATC
    GATC
```

அவ்வளவுதான் சங்கதி. இடப்பக்கம் GA இருந்தாலும் இதே கதை. உங்கள் வரிசையில் இருக்கிறதா என்று பார்க்க:

```
grep -v '>' plasmid.fa | tr -d '\r\n' | tr a-z A-Z |
grep -oE 'GATCTAGA|TCTAGATC'
```

(பின்சேர்க்கை: முதலில் வெறும் `grep` மட்டும் எழுதியிருந்தேன். குடியாத்தத்திலிருந்து ஒருவர் தனக்கு எதுவும் வரவில்லை, ஆனால் வெட்டவும் இல்லை என்று எழுதினார். கோப்பில் 60 எழுத்துக்கு ஒரு வரி உடைந்து, அவருடைய வெட்டுமிடம் சரியாக இரண்டு வரிக்கு நடுவே மாட்டியிருந்தது. அதனால்தான் `tr`. பிளாஸ்மிட் வட்டம் என்பதால் கடைசி எழுத்துகளையும் முதல் எழுத்துகளையும் சேர்த்து ஒருமுறை கண்ணால் பாருங்கள்.)

படி 2: மெத்தில்தான் காரணமா என்று உறுதி செய்யுங்கள்

ஊகத்தில் நிற்காதீர்கள். டிபிஎன்-1, எம்போ-1 இரண்டும் GATC-ஐத்தான் தேடுகின்றன. டிபிஎன்-1 மட்டும் மேலே சொன்ன குணத்துக்கு நேர்மாறு, மெத்தில் இருந்தால் மட்டும் வெட்டும், எம்போ-1 மெத்தில் இல்லாவிட்டால் மட்டும் வெட்டும். இரண்டு குழாய், ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோலிட்டர்: பிளாஸ்மிட் 1 மைக்ரோகிராம், பத்து மடங்கு பஃபர் 2, என்சைம் 1, மீதி தண்ணீர். என்சைமைக் கடைசியில் சேருங்கள், அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அது கிளிசராலில் இருப்பதால், அளவு கூடினால் சில என்சைம்கள் கண்ட இடத்தில் வெட்டும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம்.

எனக்கு டிபிஎன்-1 குழாயில் சின்னச் சின்னத் துண்டுகள், எம்போ-1 குழாயில் வெட்டாத பிளாஸ்மிட் அப்படியே. கூடவே ஒரு குழாயில் காலி பியூசி-19-ஐ எக்ஸ்பா-1-உடன் வைத்தேன். அதில் இருக்கும் எக்ஸ்பா இடத்துக்குப் பக்கத்தில் GATC உருவாவதில்லை, அது சுத்தமாக வெட்டுப்பட்டது. அப்போதுதான் என்சைம் மேல் இருந்த சந்தேகம் போனது.

இரட்டை வெட்டு மட்டும் செய்து பார்த்தால் இது தெரியாது என்பதையும் கவனியுங்கள். ஈகோ ஆர்-1 ஒன்றே வட்டத்தைத் திறந்து 3.4 கேபி பட்டை தந்துவிடும், எக்ஸ்பா-1 வேலை செய்ததா இல்லையா என்பது அதில் மறைந்துவிடும். எக்ஸ்பா-1 மட்டும் போட்ட குழாய் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

படி 3: சாயம் இல்லாத வீட்டில் வளர்த்து எடுங்கள்

பிளாஸ்மிடை டேம் இல்லாத ஈ.கோலை வகைக்குள் செலுத்தி, ஒரு காலனியை 5 மில்லி மீடியத்தில் இரவு முழுக்க வளர்த்து, மினிபிரெப் செய்து வெட்டுங்கள். எனக்கு அன்று மாலையே இரண்டு பட்டையும் வந்தன. அந்தச் செல்களையே ஸ்டாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். டேம் இல்லாமல் பிழைதிருத்தம் தடுமாறுவதால் அவற்றில் பிறழ்வு அதிகம். நிரந்தர ஸ்டாக் டிஎச்-5 ஆல்ஃபாவில்தான்.

(இன்னொரு பின்சேர்க்கை: ராணிப்பேட்டை மாணவி ஒருவருக்குத் தட்டு முழுக்கக் காலனி, ஒன்றிலும் பிளாஸ்மிட் இல்லை. டேம் இல்லாத வகைகள் சிலவற்றில் டேம் ஜீனைக் கெடுக்க டிஎன்-9 என்ற தாவும் டிஎன்ஏ துண்டு செருகப்பட்டிருக்கிறது, அதிலேயே குளோராம்ஃபெனிகால் எதிர்ப்பு ஜீன் உண்டு. அவருடைய பிளாஸ்மிடின் தேர்வு மருந்தும் குளோராம்ஃபெனிகால்தான், அதனால் காலிச் செல்கள் எல்லாம் வளர்ந்துவிட்டன. வகையின் ஜீனோடைப்பை முதலில் படியுங்கள்.)

சிலர் எக்ஸ்பா-வுக்குப் பதில் ஸ்பே-1 போடச் சொல்வார்கள், நுனிகள் ஒட்டும், உண்மைதான். ஆனால் ஒட்டிய பிறகு அந்த இடத்தை இரண்டு என்சைமும் வெட்டாது, திரும்ப வெளியே எடுக்க முடியாது. நான் இப்போது ப்ரைமரில் TCTAGA-வுக்குப் பிறகு ஒரு G சேர்த்துவிடுகிறேன், ரீடிங் ஃப்ரேம் முக்கியமென்றால் மூன்று எழுத்தாக. ஆர்டர் கொடுக்கும் முன் மேலே உள்ள `grep`-ஐ ப்ரைமர் மேலும் ஓட்டுகிறேன்.